கார்டு மாறினால் சந்தா நின்றுவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டு தொலைந்து புதுசு வாங்கிவிட்டேன். இனி பழைய சந்தா எதுவும் பிடிக்க மாட்டார்கள் இல்லையா?

அப்படி நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சிலது நின்றுவிடும், சிலது ஒன்றுமே நடக்காதது போலத் தொடரும்.

மாதா மாதம் பணம் பிடிக்கும் ஏற்பாடு எதுவும் உங்கள் பர்ஸில் இருக்கும் அட்டையோடு கட்டப்பட்டதில்லை. கார்டு எண்ணோடு கட்டியிருக்கலாம். அந்த எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட டோக்கனோடு கட்டியிருக்கலாம். கார்டுக்கு அடியில் இருக்கும் வங்கிக் கணக்கோடு நேராகக் கட்டியிருக்கலாம். கார்டு மாறும்போது இந்த மூன்றில் எது மாறுகிறதோ அதில் கட்டியது அறுந்துபோகும், மற்றது அப்படியே இருக்கும். கீழே வரும் பதில்களெல்லாம் இதன் விரிவுதான். பேமெண்ட் கேட்வே வேலையில் பல வருடம் புகார் டிக்கெட் பார்த்தவன் என்பதால் தினமும் கேட்ட கேள்விகளையே எடுத்திருக்கிறேன்.

எனக்குத் தொலையவில்லை. தேதி முடிந்து பேங்க்கே புதுசு அனுப்பியது. அதற்கும் இதேதானா?

இல்லை, இரண்டும் வேறு. தேதி முடிந்து வரும் கார்டில் பல வங்கிகள் 16 இலக்க எண்ணை மாற்றுவதில்லை. காலாவதித் தேதியும் பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவியும் மட்டும் மாறும். தொலைந்தது, திருடுபோனது என்று சொல்லி வாங்கினால் எண்ணே மாறிவிடும். பழைய எண் வங்கியின் கணினியில் 'தொலைந்தது' என்று குறிக்கப்பட்டிருக்கும்.

கடைக்காரர் பக்கம் இது அப்படியே தெரியும். தேதி முடிந்த கார்டில் பணம் கேட்டால் வங்கியிலிருந்து 54 என்ற பதில் எண் வரும். தொலைந்த கார்டு என்றால் 41, திருடுபோனது என்றால் 43. 54 வந்தால் 'தேதியைப் புதுப்பியுங்கள்' என்று உங்களுக்கு மெயில் போடுவார்கள், அவ்வளவுதான். 41, 43 வந்தால் அந்த எண்ணில் மறுபடி முயல்வதில் அர்த்தமில்லை.

ஆகவே புது கார்டு வந்ததும் முதலில் பழையதைப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதை வெட்டிப்போட அவசரப்பட வேண்டாம்; பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும். நெட்வொர்க்கே மாறி வந்திருந்தால், அதாவது விசா இருந்த இடத்தில் ரூபே வந்திருந்தால், எண் கட்டாயம் மாறியிருக்கும்.

சிவிவி மாறிவிட்டதே. அது இல்லாமல் எப்படிப் பிடிப்பார்கள்?

சிவிவி தேவைப்படுவது முதல் தடவை மட்டும்தான். பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு அதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு பாதுகாப்பு விதி. அடுத்த மாதத்திலிருந்து வரும் கோரிக்கைகள் 'முன்பு ஒப்புக்கொண்டதன் தொடர்ச்சி' என்ற அடையாளத்தோடு, சிவிவி இல்லாமலேதான் வங்கிக்குப் போகின்றன.

இந்தியாவில் கடைக்காரர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது என்றார்களே. அப்புறம் எப்படித் தொடரும்?

சரியான கேள்வி. 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணை வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் மட்டும்தான் வைத்திருக்கலாம். கடைக்காரரிடம் இருப்பது டோக்கன். உங்கள் கார்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டும் பொருந்தும் ஒரு மாற்று எண் அது; வேறு கடையில் செல்லாது. உங்களுக்கு அடையாளம் தெரிவதற்காகக் கடைசி நான்கு இலக்கத்தையும் வங்கியின் பெயரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டோக்கன் ஒன்று. அதற்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு: இ-மேண்டேட். 'இந்தக் கம்பெனி, இந்தத் தொகை வரை, இந்தத் தேதி வரை பிடிக்கலாம்' என்று நீங்கள் ஓடிபி போட்டுக் கொடுத்த அனுமதி. 2021 அக்டோபர் 1 முதல் இந்தியக் கார்டில் மாதாந்திரப் பிடித்தம் எதுவாக இருந்தாலும் இந்த அனுமதி வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனி என்றாலும் கூட. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமல் எடுக்கலாம். மியூச்சுவல் ஃபண்டு, இன்ஷூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் இந்த மூன்றுக்கும் 1 லட்சம் வரை. பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும்.

இப்போது கார்டு மாறுகிறது. டோக்கன் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2021 செப்டம்பர் சுற்றறிக்கை இதை மறக்கவில்லை: புதுப்பித்த கார்டையோ மாற்றுக் கார்டையோ நீங்கள் முன்பு பதிந்த கடைகளோடு இணைக்க வேண்டுமென்றால் வங்கி உங்களிடம் வெளிப்படையாகச் சம்மதம் கேட்க வேண்டும். காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிவிட முடியாது.

ஆனால் அந்தச் சம்மதம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். புது கார்டை ஆப்பில் ஆக்டிவேட் செய்யும்போது நடுவில் ஒரு திரை வரும், ஒரு டிக் பெட்டியோடு. நாம் பார்ப்பது பின் நம்பர் எங்கே செட் செய்வது என்பதை மட்டும்தான். அந்தப் பெட்டியில் டிக் போட்டோமா இல்லையா என்பது மூன்று மாதம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? 'நான் யாருக்கும் புது கார்டு கொடுக்கவில்லை' என்று வந்தவர்களில் சிலர் இந்த இடத்தில் கொடுத்தவர்கள்.

சில வங்கிகள் பழைய மேண்டேட்டைப் புது கார்டுக்கு எடுத்து வருகின்றன. சில வங்கிகளில் கார்டை பிளாக் செய்த அன்றே மேண்டேட்டும் போய்விடும். இது வங்கிக்கு வங்கி வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

உங்களுக்கே கார்டு தொலைந்ததுண்டா? என்ன ஆயிற்று?

உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது பர்ஸ் போய்விட்டது. தாம்பரத்தில் இறங்கும்போதுதான் தெரிந்தது. பிளாட்பாரத்தில் நின்றபடியே ஆப்பைத் திறந்து கிரெடிட் கார்டையும் டெபிட் கார்டையும் பிளாக் செய்தேன். ஆறாம் நாள் புது கார்டுகள் வந்தன, இரண்டிலும் எண் வேறு. அந்த மாதம் நான்கு பிடித்தங்கள் வர வேண்டியிருந்தது.

முதலாவது 5-ம் தேதி, ஒரு ஓடிடி சந்தா, கிரெடிட் கார்டில். வழக்கமாக 3-ம் தேதியே 'நாளை மறுநாள் பிடிக்கப்படும்' என்று மெசேஜ் வரும். அந்த மாதம் வரவில்லை. மெசேஜ் வராததுதான் செய்தி: மேண்டேட் கார்டோடு போய்விட்டது. 5-ம் தேதி இரவு டிவியில் 'பேமெண்ட் விவரத்தைச் சரிசெய்யுங்கள்' என்று வந்தது. புது கார்டு போட்டு ஓடிபி கொடுத்தேன், முடிந்தது.

இரண்டாவது 7-ம் தேதி, மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபி 3,000 ரூபாய். பதிவு செய்தபோது டெபிட் கார்டு எண்ணும் ஓடிபியும் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் நின்றிருக்கும் என்று நினைத்து, அந்தப் பணத்தையும் சேர்த்து வாடகைக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். காலையிலேயே பிடித்துவிட்டார்கள். இது ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவது 12-ம் தேதி, போன் ஸ்டோரேஜ் சந்தா. கிரெடிட் கார்டில் எடுக்க முடியாமல், அதே கணக்கில் நான் எப்போதோ சேர்த்திருந்த இன்னொரு கார்டில் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவதுதான் அடி. டேர்ம் இன்ஷூரன்ஸின் காலாண்டு பிரீமியம், கிரெடிட் கார்டில். 20-ம் தேதி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கம்பெனி அனுப்பிய மெயில் 'ப்ரமோஷன்ஸ்' பகுதியில் போய் விழுந்திருந்தது. பார்த்தபோது 23 நாள் ஓடிவிட்டது. மாதத் தவணை அல்லாத பாலிசிக்குக் கருணைக் காலம் 30 நாள் என்பதால் தப்பித்தேன். மாதத் தவணையாக இருந்திருந்தால் 15 நாள்தான், பாலிசி காலாவதியாகியிருக்கும். இத்தனைக்கும் நான் பேமெண்ட் துறையிலேயே வேலை பார்க்கிறவன்.

எஸ்ஐபிக்கு டெபிட் கார்டு நம்பர்தானே கொடுத்தோம்? கார்டு பிளாக் ஆன பிறகும் எப்படி எடுத்தார்கள்?

அங்கே கார்டு அடையாளச் சான்றாகப் பயன்பட்டது, அவ்வளவுதான். 'இந்த வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா' என்று உறுதிசெய்ய மூன்று வழி தருவார்கள்: நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார். நீங்கள் டெபிட் கார்டைத் தேர்ந்தெடுத்து ஓடிபி போட்டீர்கள். அதன் முடிவில் உருவானது இ-நாச் மேண்டேட். அது கட்டப்பட்டிருப்பது கணக்கு எண்ணிலும் ஐஎஃப்எஸ்சி கோடிலும். ஆதார் அட்டையைக் காட்டி சிம் வாங்கினால், ஆதார் தொலைந்ததும் சிம் நின்றுவிடுமா? அது மாதிரிதான்.

எஸ்ஐபி, வீட்டுக் கடன் தவணை, பைக் தவணை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. கார்டை எத்தனை தடவை மாற்றினாலும் இவை அசையாது. நிற்கும் என்று நம்பிக் கணக்கில் பணம் வைக்காமல் விட்டால், மேண்டேட் திரும்பியதற்கு வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் போகும்.

யுபிஐ ஆட்டோபேயும் இதே கதைதான். அதற்கு அடியில் இருப்பது சேமிப்புக் கணக்கு. டெபிட் கார்டு யுபிஐ பின் வைக்கும்போது மட்டும் பயன்பட்டது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து அதில் ஆட்டோபே வைத்திருந்தால் மட்டும் தனியாகப் பாருங்கள், அங்கே அடியில் இருப்பதே கார்டு.

வங்கி ஸ்டேட்மெண்டில் பெயர் பார்த்தே வகையைக் கண்டுபிடிக்கலாம். வரியில் `NACH` அல்லது `ACH D` என்று இருந்தால் கணக்கோடு கட்டியது. `UPI` என்று தொடங்கினால் யுபிஐ. கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் வருவதெல்லாம் கார்டோடு கட்டியது.

ஆப் ஸ்டோர் சந்தாவுக்கு நான் போடாத கார்டில் எடுத்துவிட்டார்களே?

நீங்கள் எப்போதோ போட்ட கார்டாகத்தான் இருக்கும். ஆப்பிள், கூகுள் இரண்டிலும் உங்கள் கணக்கில் இருக்கும் முதல் பேமெண்ட் வழி தோற்றால் அடுத்ததை முயலும் ஏற்பாடு உண்டு. அண்ணன் கார்டை ஒரு தடவை அவசரத்துக்குப் போட்டு, எடுக்காமல் விட்டிருந்தால் அவருக்கு மெசேஜ் போகும். குடும்பத்தில் சண்டை வர இது போதும். பழைய கார்டை நீக்கும்போது மற்றவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கார்டு தொலைந்து புது எண் வந்த பிறகும் ஜிம்காரர்கள் புது கார்டிலேயே பிடித்தார்களாம். நம்பரை யார் கொடுத்தது?

அவருடைய வங்கியேதான். இதில் திருட்டு எதுவும் இல்லை, பேஜாரான ஒரு வசதி, அவ்வளவுதான்.

விசாவில் அக்கவுண்ட் அப்டேட்டர், மாஸ்டர்கார்டில் ஆட்டோமேட்டிக் பில்லிங் அப்டேட்டர் என்று ஒரு சேவை உண்டு. கார்டு மாறும்போது 'பழைய எண் இது, புது எண் இது, புதுத் தேதி இது' என்று வங்கி நெட்வொர்க்குக்கு அனுப்பிவைக்கும். சேவையில் சேர்ந்த கம்பெனி, பணம் பிடிப்பதற்கு முன் தன்னிடம் உள்ள கார்டுகளைத் தன் வங்கி வழியாக அனுப்பி விசாரிக்கும். 'புது எண் இதோ', 'தேதி மட்டும் மாறியது', 'கணக்கே மூடியாயிற்று', 'வாடிக்கையாளரையே கேளுங்கள்' என்று பதில் வரும். பதிலை வைத்துப் பதிவைத் திருத்திக்கொண்டு பிடித்துவிடுவார்கள். மகனுக்கு ஒரு மெசேஜ்கூட வந்திருக்காது.

அங்கேயும் எல்லாக் கம்பெனியும் இதில் சேர்ந்ததில்லை. அதனால்தான் ஜிம் தொடர்ந்திருக்கும், பத்திரிகைச் சந்தா நின்றிருக்கும். இந்தச் சேவையிலிருந்து தன் கார்டை விலக்கச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். பல வங்கிகள் செய்து தருகின்றன. ஆனால் விலக்கினால் மின்கட்டணம், கார் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே விலகும். ஒரு ஜிம்முக்காக இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஜிம்மை ரத்து செய்வதுதான் வழி.

அடுத்த தேதி வருவதற்கு முன்பே தொடருமா நிற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியக் கார்டென்றால் வங்கி ஆப்பில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று இ-மேண்டேட் பட்டியல், `Standing Instructions` அல்லது `E-mandates` மாதிரி ஏதாவது ஒரு பெயரில், கார்டு பகுதிக்குள். இன்னொன்று டோக்கன் பட்டியல்: எந்தெந்தக் கடையில் உங்கள் கார்டு பதியப்பட்டிருக்கிறது என்பது. ஆப், நெட்பேங்கிங், போன் வழி, கிளை என்று பல வழிகளில் இதைப் பார்க்கவும் நீக்கவும் வங்கி வசதி தர வேண்டும் என்பது விதி. புது கார்டுக்கு அடியில் போய் இரண்டையும் பாருங்கள். மேண்டேட் பட்டியலில் பெயர் இருந்தால் தொடரும். டோக்கன் பட்டியலில் மட்டும் இருந்தால், கார்டு அங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் தானாகப் பிடிக்க அனுமதி இல்லை என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

கம்பெனியின் பில்லிங் பக்கத்தில் தெரியும் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்க்கலாம். நீங்கள் போடாமலே புது எண்ணின் இலக்கங்கள் அங்கே இருந்தால் புதுப்பித்துவிட்டார்கள். பழைய இலக்கங்களே இருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது: டோக்கன் மாறாமல் அடியில் இருக்கும் கார்டு மட்டும் மாறியிருந்தால், திரையில் பழைய எண்ணும் ஸ்டேட்மெண்டில் புது கார்டுமாக இருப்பதுண்டு.

நிறுத்தத்தான் ஆசை. ரத்து செய்கிற பட்டனே கிடைக்கவில்லை. பேசாமல் கார்டைத் தொலைந்ததாகச் சொல்லி மாற்றிவிட்டால் என்ன?

கொசுவை அடிக்க வீட்டைக் கொளுத்துகிற வேலை. நிறுத்த நினைத்த ஒன்று அப்டேட்டரிலோ சம்மத டிக்கிலோ தப்பித்துத் தொடரலாம். நிற்கக் கூடாத இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். அதோடு, பணம் பிடிக்க முடியாமல் போவதும் சந்தா ரத்தாவதும் ஒன்றில்லை. ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். வெளிநாட்டில் அதை வசூல் ஏஜென்சியிடம் கொடுப்பதும் உண்டு.

இந்தியக் கார்டில் இதைவிட எளிய வழி இருக்கிறது. கம்பெனியில் ரத்து செய்ய முடிந்தால் செய்து, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டாலும் வங்கி ஆப்பில் அந்த ஒரு மேண்டேட்டை மட்டும் ரத்து செய்யலாம். ஒரு ஓடிபி கேட்கும். கம்பெனியின் சம்மதம் தேவையில்லை. 24 மணி நேரம் முன்பு வரும் தகவல் மூலமாகவும் பிடித்தத்திலிருந்து விலகலாம், அந்த ஒரு தடவைக்கு மட்டுமோ மொத்தமாகவோ.

எதுவும் நிற்கக் கூடாது. புது கார்டு வந்ததும் எதை முதலில் மாற்றுவது?

கடந்த 12 மாத கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டைத் திறந்து வையுங்கள். ஒரு மாதம் போதாது, ஏனென்றால் மாட்டிவிடுபவை வருடத்துக்கு ஒரு முறை வருபவை. அதில் நின்றால் பணத்தால் மட்டும் சரிசெய்ய முடியாதவற்றை முதலில் எடுங்கள்: இன்ஷூரன்ஸ், வெப்சைட் வைத்திருந்தால் டொமைன் பெயர், மெயிலுக்கும் போட்டோவுக்குமான ஸ்டோரேஜ். ஓடிடி நின்றால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கெடும், அது கிடக்கட்டும்.

பில்லிங் பக்கத்தில் புது கார்டைச் சேர்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். முடிவில் ஓடிபி கேட்டு, மேண்டேட் பதிவானதாக வங்கியிடமிருந்து மெசேஜ் வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் கார்டு மட்டும் சேர்ந்திருக்கிறது, அனுமதி சேரவில்லை. அடுத்த மாதம் மறுபடி தோற்கும்.

ரத்து செய்த பிறகும் புது கார்டில் பிடித்துவிட்டார்கள். பேங்க்கில் என்ன சொல்வது?

'ரத்து செய்த சந்தாவுக்குப் பிடித்துவிட்டார்கள்' என்றே சொல்லுங்கள். ஆத்திரத்தில் 'நான் செய்யாத பரிவர்த்தனை, மோசடி' என்று பதிவு செய்தால் வங்கி முதலில் செய்வது அந்தக் கார்டையும் பிளாக் செய்வதுதான். மறுபடி புது எண், மறுபடி எல்லாச் சந்தாவும். இது கடைக்காரருடனான தகராறு என்ற பிரிவில் போக வேண்டும். ரத்து செய்த தேதியும் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம் சாயும்.

பழைய கார்டில் பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். அந்தக் கார்டே இல்லையே, பணம் எங்கே போகும்?

கார்டு எண் போனாலும் அதன் பின்னால் இருந்த கணக்கு வங்கியில் இருக்கிறது. பழைய எண்ணுக்கு வரும் ரீஃபண்டை வங்கி பொதுவாக அந்தக் கணக்கில்தான் வரவு வைக்கும், புது கார்டின் ஸ்டேட்மெண்டில் தெரியும். கார்டு கணக்கையே மூடியிருந்தால்தான் சிக்கல். அப்போது அந்த ரீஃபண்டை அடையாளம் காட்டும் ஏஆர்என் என்ற நீளமான எண்ணைக் கம்பெனியிடமிருந்து கேட்டு வாங்கி வங்கியிடம் கொடுங்கள். அந்த எண் இல்லாமல் கஸ்டமர் கேருக்கு எத்தனை தடவை போன் போட்டாலும் 'எங்களுக்கு வரவில்லை சார்' என்றுதான் பதில் வரும்.